ஓர் எழுத்து கூடினால் பிழை, மூன்று கூடினால் சரி: நிணநீர்க்குழியங்கள் தம் வாங்கிகளைக் கட்டும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனம் தொடங்கும் கிழமையில் வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் எழும்பிப் போகமாட்டார்கள். கேள்விகள் இரவிலும் போனில் வரும். சில தாய்மாரும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, அவர்கள் கேட்டபடியே, இங்கே வைக்கிறேன். டி.என்.ஏ.யின் மூலங்களை முழுக்க "எழுத்து" என்றே சொல்கிறேன். வகுப்பிலும் அப்படித்தான்.

மிஸ், மனுசருக்கு 20,000 பரம்பரையலகு தானே? கோடிக்கணக்கான பிறபொருளெதிரி எப்படி வரும்?

ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் ஒரு பரம்பரையலகு எழுதி வைக்கப்படவில்லை. துண்டுகள்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. பி குழியம் என்ற நிணநீர்க்குழியம் என்பு மச்சையில் வளரும்போது, அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தன் டி.என்.ஏ.யிலேயே வெட்டி ஒட்டித் தனக்கென்று ஒரு பரம்பரையலகைக் கட்டிக்கொள்கிறது.

பிறபொருளெதிரியில் பாரச் சங்கிலி, இலேசான சங்கிலி என்று இரண்டு வகை உண்டு. பாரச் சங்கிலிக்குரிய துண்டுகள் 14ஆம் நிறமூர்த்தத்தில் வரிசையாக இருக்கின்றன. வேலை செய்யக்கூடிய வி துண்டுகள் ஏறத்தாழ 40, டி துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்தால் 40 × 23 × 6, அதாவது 5,520 வகை. இலேசான சங்கிலியில் டி கிடையாது. 2ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களில் உள்ள வி, ஜே துண்டுகளால் ஏறத்தாழ 300 வகை கிடைக்கும். இரண்டையும் சோடி சேர்த்தால் 16 இலட்சம் அளவில் வரும்.

பல பிள்ளைகள் இந்த இடத்தில் கொப்பியை மூடிவிடுகிறார்கள். 16 இலட்சம் பெரிய எண்தான். ஆனால் நம் உடலில் நிணநீர்க்குழியங்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி இருக்கின்றன. பி குழியத்தின் மேற்பரப்பில் நிற்கும் பிறபொருளெதிரிதான் அதன் வாங்கி. சேர்க்கைக் கணக்கு மட்டும் என்றால் ஒரே வாங்கி லட்சக்கணக்கான குழியங்களில் திரும்பத் திரும்ப வரவேண்டும். அப்படி வருவதில்லை. உண்மையான பெருக்கம் துண்டுகள் ஒட்டும் இடத்தில் நடக்கிறது. கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லாக் கலத்திலும் ஒரே டி.என்.ஏ. என்று தானே ஓ.எல்.லில் படிச்சம்? இப்ப வெட்டுது எண்டு சொல்றீங்க?

ஓ.எல்.லில் படித்தது கிட்டத்தட்ட எல்லாக் கலங்களுக்கும் சரி. நிணநீர்க்குழியங்கள் அதற்கு விலக்கு.

இதைக் காட்டியவர் சுசுமு தொனேகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஹொசுமி என்பவரோடு சேர்ந்து 1976இல் அந்தப் பரிசோதனையை வெளியிட்டார். எலி முளையத்தின் டி.என்.ஏ. ஒரு பக்கம், பிறபொருளெதிரி சுரக்கும் எலிக் கட்டியின் டி.என்.ஏ. மறுபக்கம். இரண்டையும் ஒரே வெட்டும் நொதியத்தால் நறுக்கி, நீளவாரியாகப் பிரித்து, பிறபொருளெதிரிக்குரிய பகுதி எந்த நீளத் துண்டில் இருக்கிறது என்று தேடினார்கள். முளையத்தில், கிருமியைப் பிடிக்கும் மாறும் பகுதிக்குரியதும் மிச்சமான மாறாப் பகுதிக்குரியதும் வேறு வேறு துண்டுகளில் இருந்தன. கட்டிக் கலத்தில் இரண்டும் ஒரே துண்டில் வந்தன. தூரத்தில் இருந்தவை பக்கத்தில் வந்திருக்கின்றன என்றால் இடையில் இருந்தது எடுபட்டிருக்க வேண்டும். 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டி எடுக்கப்பட்ட பகுதி திரும்பி வராது. அந்தக் குழியமும் அதன் வழிவரும் குழியங்களும் அந்த ஒரே தெரிவோடுதான் வாழும்.

கத்தரிக்கோலுக்கு எங்க வெட்டோணும் எண்டு எப்படித் தெரியும்?

கத்தரிக்கோல் ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த நொதியம். வளரும் நிணநீர்க்குழியங்களில்தான் அது வேலை செய்கிறது. ஒவ்வொரு வி, டி, ஜே துண்டின் ஓரத்திலும் அது தேடும் ஓர் அடையாளம் இருக்கிறது:

```
CACAGTG - 12 அல்லது 23 எழுத்து - ACAAAAACC
```

முதலில் ஏழு எழுத்து, கடைசியில் ஒன்பது எழுத்து. இடையில் எந்த எழுத்து இருந்தாலும் பெரிதாகப் பரவாயில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். டி.என்.ஏ. சுருள் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ பத்தரை எழுத்து வேண்டும். 12 ஒரு சுற்றுக்குக் கிட்ட, 23 இரண்டு சுற்றுக்குக் கிட்ட. ஆகவே இரண்டு அடையாளத்திலும் ஏழும் ஒன்பதும் சுருளின் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், நொதியம் அவற்றை ஒருசேரப் பிடிக்கலாம்.

12 இடைவெளி உள்ள ஒன்றும் 23 இடைவெளி உள்ள ஒன்றும் சோடி சேர்ந்தால்தான் ராக் வெட்டும். பாரச் சங்கிலியில் வி துண்டுகளின் ஓரத்தில் 23, ஜே துண்டுகளின் ஓரத்திலும் 23. டி துண்டின் இரு பக்கமும் 12. அதனால் வி நேரே ஜேயோடு ஒட்ட முடியாது, டி இரண்டு சேர்ந்து ஒட்டவும் முடியாது. முதலில் டியும் ஜேயும் சேரும், அப்புறம் அந்தச் சோடியோடு வி சேரும். எது எதோடு ஒட்டும் என்பதைப் பாடமாக்கச் சொல்லி நான் ஒருபோதும் சொல்வதில்லை. 12ஐயும் 23ஐயும் கொப்பியில் ஒரு தரம் வரைந்து பார்த்தால் வி, டி, ஜே என்று தவிர வேறு விதமாக ஒட்ட வழியில்லை என்பது தானாகவே தெரியும். டியும் ஜேயும் முதலில் என்ற ஒழுங்கு மட்டும் அந்த எண்களால் வருவதில்லை.

வெட்டின பிறகு ஒட்டுற இடத்தில என்ன தான் நடக்குது? புத்தகத்தில ஒரு வரி தான் இருக்கு.

வகுப்பில் இதற்குக் காகித நாடா வைத்திருக்கிறேன். ஒரு நீல நாடா மேல் இழை, ஒரு சிவப்பு நாடா கீழ் இழை. எழுத்துகள் எதிரெதிரே எழுதியிருக்கும், A க்கு எதிரே T, G க்கு எதிரே C.

ராக் முதலில் ஒரு இழையை மட்டும் வெட்டுகிறது. விடுபட்ட அந்த நுனி எதிர் இழையைத் தாக்கி அதோடு இணைந்துவிடும். அதனால் துண்டின் முனை திறந்த முனையாக இருக்காது. மேல் இழையும் கீழ் இழையும் நுனியில் ஒன்றாகச் சேர்ந்து, தலைமயிர் ஊசி போல மடிந்து நிற்கும். நீல நாடாவின் நுனியையும் சிவப்பு நாடாவின் நுனியையும் சேர்த்து டேப் ஒட்டினால் அதே வடிவம்.

இனி அந்த மடிப்பைத் திறக்க வேண்டும். ஆர்ட்டெமிஸ் என்ற நொதியம் அதைச் செய்கிறது. சரியாக நுனியில்தான் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. போன வருடம் ஒரு மாணவி டேப் ஒட்டிய இடத்தில் வெட்டாமல் இரண்டு எழுத்துத் தள்ளி, சிவப்பு நாடாவில் வெட்டினாள். நாடாவை நிமிர்த்திப் பார்த்தபோது நீல எழுத்துகளின் முடிவில் இரண்டு சிவப்பு எழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. "மிஸ், பிழையா வெட்டிட்டன்" என்று நாடாவை மறைத்தாள். அவள் வெட்டியதுதான் உடலில் நடப்பது. GA என்று முடிந்த நீல இழை இப்போது GATC என்று முடிகிறது. புதிதாக வந்த TC, எதிர் இழையிலிருந்து மடிந்து வந்த எழுத்துகள்.

அப்புறம் இரண்டு விஷயம் நடக்கிறது. சில நொதியங்கள் நுனியிலிருந்து சில எழுத்துகளைக் கடித்து எடுக்கின்றன. எத்தனை என்று கணக்கு இல்லை. மறுபக்கம் ரி.டி.ரி. என்ற நொதியம் எழுத்துகளைச் சேர்க்கிறது. டி.என்.ஏ. கட்டும் மற்ற நொதியங்களுக்கு எதிர் இழையைப் பார்த்து எழுத வேண்டியிருக்கும், இதற்கு அது வேண்டாம். பார்த்தெழுத மாதிரியே இல்லாமல் எழுதும், G, C பக்கம் கொஞ்சம் சாய்வோடு. இந்த எழுத்துகள் தாயிடமிருந்தும் வரவில்லை, தகப்பனிடமிருந்தும் வரவில்லை. அந்தக் குழியம் அந்த நேரம் புதிதாக எழுதியவை.

கடைசியில் கலத்தின் வழமையான திருத்தும் நொதியங்கள் வந்து இரு முனைகளையும் ஒட்டிவிடும். அவை எந்தக் கலத்திலும் உடைந்த டி.என்.ஏ.யை ஒட்டும் அதே ஆட்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஒட்டில் ஒன்றும் இல்லாமலிருந்து ஆறு எழுத்து வரை சேரலாம் என்று மட்டும் வைத்தாலே 5,461 விதம். பாரச் சங்கிலியில் இரண்டு ஒட்டு, ஆகவே 5,461 × 5,461, ஏறத்தாழ மூன்று கோடி. கடித்து எடுப்பதை இதில் சேர்க்கவே இல்லை. ஒரே கோர்வை இரு வழியாகவும் வரலாம் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும், 5,520ஐ இதோடு பெருக்கும்போது முதலில் நாம் எண்ணிய துண்டுச் சேர்க்கை எவ்வளவு சிறியது என்று தெரியும்.

இந்த ஒட்டு விழும் இடமும் முக்கியம். வி, டி, ஜே சேரும் பகுதிதான் பிறபொருளெதிரியின் நுனியில், கிருமியைத் தொடும் இடத்தின் நடுவில் இருக்கும் வளையத்தைக் கட்டுகிறது. எழுத்து அதிகம் மாறும் இடமும் கிருமியைப் பிடிக்கும் இடமும் ஒன்றே.

ஒரு உண்மையான உதாரணம் எழுத்தெழுத்தாக் காட்டுவீங்களா?

சரி. மனிதரில் உண்மையாகவே இருக்கும் மூன்று துண்டுகளை எடுக்கிறேன்: IGHV3-23, IGHD7-27, IGHJ4. சேர்த்த எழுத்துகளையும் எடுத்த எழுத்துகளையும் மட்டும் நான் தெரிவு செய்தேன்.

வியின் முடிவு TGTGCGAAAGA. மடிப்பு இரண்டு எழுத்துத் தள்ளித் திறந்ததால் TC சேர்ந்தது. டி துண்டு CTAACTGGGGA, இரு பக்கமும் ஒவ்வொரு எழுத்துக் கடிபட்டு TAACTGGGG ஆனது. ஜேயின் தொடக்கத்தில் மூன்று எழுத்துப் போய் ACTTTGACTACTGG என்று நிற்கிறது. முதல் ஒட்டில் ரி.டி.ரி. GGGC சேர்த்தது, இரண்டாம் ஒட்டில் CC.

```
TGTGCGAAAGA TC GGGC TAACTGGGG CC ACTTTGACTACTGG
```

இதை மும்மூன்றாகப் பிரித்து வாசிப்போம். கலம் வாசிப்பது அப்படித்தான்.

```
TGT GCG AAA GAT CGG GCT AAC TGG GGC CAC TTT GAC TAC TGG
```

முதல் TGT வியின் அடையாளமான சிஸ்டீன். கடைசி TGG ஜேயின் அடையாளமான திரிப்தோபன். இரண்டுக்கும் இடையில் 12 அமினோவமிலங்கள், அதுதான் அந்த வளையம். ஜே சரியான இடத்தில் வாசிக்கப்படுகிறது. இந்தக் குழியத்துக்குப் பாரச் சங்கிலி கிடைத்தது.

இப்போது ரி.டி.ரி. நான்கு எழுத்துக்குப் பதில் மூன்றை மட்டும், GGG என்று சேர்த்திருந்தால்?

```
TGT GCG AAA GAT CGG GTA ACT GGG GCC ACT TTG ACT ACT GGG
```

கடைசி மூன்றைப் பாருங்கள். TGG இல்லை, GGG. அதன் கடைசி G, ஜேயில் அடுத்து வரும் எழுத்து. ஒரு எழுத்துக் குறைந்ததால் ஜே முழுவதும் ஒரு எழுத்து இடம் மாறி வாசிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு வரும் மாறாப் பகுதியும் அதே குழப்பத்தில்தான் போகும். புரதம் உருப்படாது.

இரண்டு எழுத்து, GG மட்டும் சேர்ந்திருந்தால்?

```
TGT GCG AAA GAT CGG TAA
```

TAA என்பது நிறுத்து என்ற குறி. ஆறாவது இடத்திலேயே வாசிப்பு நின்றுவிட்டது.

ஒரே துண்டுகள், ஒரே கடி. இரண்டு எழுத்து வித்தியாசத்தில் மூன்று விதமான முடிவு. ஒரு எழுத்து மட்டும் சேர்ந்திருந்தால் மறுபடி சரியாகும், ஒன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் மூன்று என்பதால். C ஒன்றை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.

அப்ப மூன்றில ரெண்டு வீணாப் போகுது எண்டு தானே அர்த்தம்? அந்தக் குழியங்கள் செத்துப் போகுமா?

எல்லாம் உடனே சாகாது, இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தாயிடமிருந்து வந்த 14ஆம் நிறமூர்த்தம் ஒன்று, தகப்பனிடமிருந்து வந்தது ஒன்று. ஒன்றில் பிழைத்தால் மற்றதில் முயலலாம். முதல் முயற்சியில் மூன்றில் ஒரு பங்கு சரி வரும். மிஞ்சிய மூன்றில் இரண்டு பங்கில், இரண்டாம் முயற்சியில் மறுபடி மூன்றில் ஒன்று. ஒன்பது குழியத்தை எடுத்தால் மூன்று முதல் தரமே தேறும், மிச்சம் ஆறில் இரண்டு அடுத்த தரம் தேறும், நான்கு தோற்கும். தோற்றவை என்பு மச்சையிலேயே இறந்துவிடும். நிறுத்து என்ற குறிகளையும் சேர்த்தால் தோல்வி இன்னும் கொஞ்சம் கூடும்.

தேறியதா என்று குழியம் எப்படி அறிகிறது? புதிதாகக் கட்டிய பாரச் சங்கிலியை ஒரு தற்காலிக இலேசான சங்கிலியோடு சேர்த்து மேற்பரப்புக்கு அனுப்பிப் பார்க்கிறது. அது போய் நின்றால் உள்ளே ஒரு செய்தி போகும்: ராக்கை நிறுத்து, மற்ற நிறமூர்த்தத்தைத் தொடாதே, பெருகு. ஒரு குழியத்துக்கு ஒரே வாங்கி என்பது இப்படித்தான் காக்கப்படுகிறது.

அந்தப் பெருக்கம் சில சுற்று நடந்த பிறகு, பெருகிய ஒவ்வொரு குழியமும் தனித்தனியே இலேசான சங்கிலியைக் கட்டத் தொடங்கும். அரிதாகக் கிடைத்த ஒரு நல்ல பாரச் சங்கிலி இப்படிப் பல வேறு இலேசான சங்கிலிகளோடு சோடி சேர்கிறது. நான்கைப் பலி கொடுத்து வாங்கிய ஐந்தையும் கலம் வீணாக்குவதில்லை.

கண்மூடித்தனமாக் கட்டினா எங்கட உடம்பையே பிடிக்கிற வாங்கியும் வருமே?

வரும், நிறையவே வரும். என்பு மச்சையில் இருக்கும்போதே தன் உடலின் புரதத்தை இறுக்கிப் பிடிக்கும் பி குழியத்துக்கு ராக் மறுபடி தொடங்கும். இலேசான சங்கிலியில் வெளியே மிஞ்சியிருக்கும் ஒரு வியும் உள்ளே மிஞ்சியிருக்கும் ஒரு ஜேயும் சேர்ந்து, பழைய சேர்க்கையை நடுவில் வைத்து வெட்டித் தள்ளிவிடும். வாங்கி மாறும். துண்டுகள் தீரும் மட்டும் முயலலாம். தீர்ந்தும் சரிவராவிட்டால் குழியம் இறக்கும், அல்லது செயலடங்கும்.

பாரச் சங்கிலியில் இது இலகு இல்லை. வி, டி, ஜே ஒட்டியானதும் இடையில் இருந்த மற்ற டி துண்டுகள் எல்லாம் போய்விடுகின்றன, 12க்கு 23 என்ற சோடி கிடைக்காது.

தடுப்பூசி போட்டாப் பிறகு பிறபொருளெதிரி இன்னும் நல்லாகுதே, அதுவும் இதே வெட்டு ஒட்டு தானா?

இல்லை. வெட்டி ஒட்டுவது கிருமியைக் காணும் முன்பே முடிந்துவிடும். தடுப்பூசிக்குப் பிறகு நிணநீர்க் கணுக்களில் நடப்பது வேறு நொதியத்தின் வேலை. கட்டி முடித்த பரம்பரையலகில் ஒவ்வொரு எழுத்தாக மாறும், நன்றாகப் பிடிப்பவை தெரிவாகும். அது பி குழியத்துக்கு மட்டும்தான். பரீட்சைத் தாளில் இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் அதிகம்.

ரி குழியத்திலயும் இப்படியா?

ஆம், அதுவும் நிணநீர்க்குழியம்தான். அதே ராக், அதே 12க்கு 23, அதே ரி.டி.ரி. துண்டுகள் வேறு, இடம் தைமஸ்.

இந்தக் கத்தரிக்கோல் இல்லாமப் பிறக்கிற பிள்ளை இருக்குமா?

இருக்கிறார்கள், மிக அரிதாக. ராக் இரண்டில் ஒன்று முற்றாக வேலை செய்யாவிட்டால் பி குழியமும் இல்லை, ரி குழியமும் இல்லை. வாங்கி தேவைப்படாத இயற்கைக் கொல்லிக் குழியங்கள் மட்டும் இருக்கும். பிள்ளை பிறக்கும்போது சாதாரணமாகவே தெரியும், தாயின் பிறபொருளெதிரிகள் சில மாதம் காக்கும். பிறகு விடாத வயிற்றோட்டம், வாயில் போகாத வெண்படலம், திரும்பத் திரும்ப நிமோனியா, நிறை ஏறாமை.

மிகச் சாதாரணமான எஃப்.பி.சி. பரிசோதனையிலேயே தடயம் இருக்கும். முதல் மாதங்களில் குழந்தைகளின் நிணநீர்க்குழிய எண்ணிக்கை பெரியவர்களைவிடக் கூட. ஒரு மைக்ரோலீற்றருக்கு 3,000க்குக் கீழே வந்தால் யோசிக்க வேண்டும். பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்தால் அது சாதாரணமாகத் தெரிந்துவிடும், அங்கேதான் தவறவிடப்படுகிறது. இலங்கையில் பி.சி.ஜி. பிறந்தவுடனே போடப்படுவதால் இதற்கு இன்னுமொரு கனம் இருக்கிறது. அது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. நிர்ப்பீடனம் இல்லாத குழந்தையில் அதுவே பரவலாம். முன்பு ஒரு குழந்தை இப்படி இறந்த குடும்பம் என்றால், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் குருதித் துளியிலேயே இதைப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. ரி குழியம் வெட்டி எறியும் டி.என்.ஏ. வளையமாக மூடிக் கலத்துக்குள்ளேயே கிடக்கும். கலம் பிரியும்போது வளையம் பிரதி எடுக்கப்படாது. ஆகவே வளையங்கள் நிறைய இருந்தால் தைமஸிலிருந்து புதிய ரி குழியங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இல்லாவிட்டால் வெட்டு நடக்கவில்லை, அல்லது ரி குழியம் வேறு காரணத்தால் உருவாகவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 2008இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைத் தொடங்கியது.

ராக் பழுதா, ஒட்டும் நொதியம் பழுதா என்று பிரித்தறியவும் ஒரு வழி இருக்கிறது. ராக் நிணநீர்க்குழியத்தில் மட்டும் வேலை செய்வது, ஆர்ட்டெமிஸ் எல்லாக் கலத்திலும் வேலை செய்வது. ஆகவே ஆர்ட்டெமிஸ் பழுதான பிள்ளையின் தோல் கலத்துக்கும் எக்ஸ் கதிர் போன்ற கதிர்வீச்சைத் தாங்க முடியாது, உடைந்த டி.என்.ஏ. ஒட்டாது. ராக் பழுதான பிள்ளையின் தோல் கலம் வழமைபோலத் தாங்கும். என்பு மச்சை மாற்றத்துக்கு முன் கொடுக்கும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க இது முக்கியம்.

டி.என்.ஏ.யை வெட்டுறது ஆபத்தில்லையா? புற்றுநோய் வராதா?

ஆபத்துத்தான், அதனால் கட்டுப்பாடும் இறுக்கம். கலம் பிரியத் தயாராகும்போது ராக்-2 அழிக்கப்படும், வெட்டு முனைகள் திறந்தபடி இருக்கும்போது கலம் பிரியக்கூடாது என்பதற்காக. இருந்தும் சில வேளை 14ஆம் நிறமூர்த்தத்தின் வெட்டு முனை, 18ஆம் நிறமூர்த்தத்தில் உடைந்த ஒரு முனையோடு ஒட்டிவிடும். அங்கே பி.சி.எல்.-2 என்ற, கலத்தைச் சாகவிடாத பரம்பரையலகு இருக்கிறது. பாரச் சங்கிலிக்குப் பக்கத்தில் வந்ததும் அது ஓயாமல் வேலை செய்யத் தொடங்கும். ஃபொலிகியூலர் லிம்போமா என்ற புற்றுநோயில் பெரும்பாலும் காணப்படுவது இந்த ஒட்டுத்தான். சுகமாக இருக்கும் பெரியவர்களின் குருதியிலும் இப்படியான ஓரிரு குழியங்களைக் காணலாம். அவர்களுக்கு நோய் இல்லை. நோய் வர வேறு பழுதுகளும் சேர வேண்டும்.

தங்கச்சியின்ட மகனுக்கு லியூக்கேமியா. மருந்து முடிஞ்ச பிறகு மிச்சம் இருக்கா எண்டு இந்த ஒட்டை வைச்சுப் பார்க்கிறாங்களாம். அது எப்படி அக்கா?

முதலில் சுகமான ஒருவரின் குருதியை எடுப்போம். அதில் உள்ள பி குழியங்களின் வி, டி, ஜே ஒட்டும் பகுதியைப் பெருக்கி நீளவாரியாகப் பிரித்தால், திரையில் மணி போன்ற ஒரு மேடு வரும். அது ஒரே வழுவழுப்பான மேடு இல்லை. கிட்ட வைத்துப் பார்த்தால் வரிசையாகக் கூர்முனைகள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று எழுத்து. நடுவில் விழவேண்டியவை பெரும்பாலும் தோற்று இறந்த குழியங்கள். இடையிடையே சின்ன முனைகளும் தெரியும். முதல் நிறமூர்த்தத்தில் பிழைத்து இரண்டாவதில் தேறிய குழியங்கள் அந்தப் பழைய பிழையையும் தம்மோடு வைத்திருக்கின்றன. மேலே எழுத்தெழுத்தாகப் பார்த்த கணக்கு முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. முதன்முதலாகப் பார்த்த அன்று நான் நெடுநேரம் அந்தத் திரை முன்னாலேயே இருந்தேன்.

உங்கள் தங்கச்சி மகனின் நோய்க் குழியங்கள் எல்லாம் ஒரே குழியத்தின் வழி வந்தவை. ஆகவே எல்லாவற்றிலும் அதே ஒட்டு, அதே சேர்ந்த எழுத்துகள். அவருடைய படத்தில் மணி மேடு இருக்காது, ஒன்றிரண்டு உயர்ந்த முனைகள் தனியாக நிற்கும். அந்த ஒட்டின் எழுத்துகளை வாசித்து, அதற்கு மட்டும் பொருந்தும் தேடு துண்டு ஒன்றைச் செய்வார்கள். வேறு யாருடைய குழியத்திலும், அவருடைய சுகமான குழியத்திலும் அது பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு. சிகிச்சையின் முதல் கட்டம் முடிந்ததும் என்பு மச்சை எடுத்து அந்தத் துண்டால் தேடுவார்கள். பத்தாயிரம் குழியத்தில் ஒன்று இருந்தாலும் பிடிக்கலாம், நல்ல மாதிரி என்றால் இலட்சத்தில் ஒன்றும். நுணுக்குக்காட்டியில் சுத்தமாகத் தெரியும் மச்சையிலும் அது மறைந்திருக்கக்கூடும்.

ஒரு விஷயத்தை மட்டும் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்: எத்தனை ஒட்டை வைத்துத் தேடுகிறார்கள் என்று. இந்த நோயின் குழியங்களில் ராக் சில வேளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஒட்டிய இடத்தை மறுபடி வெட்டி வேறு வி ஒன்றை வைத்துவிட்டால் பழைய தேடு துண்டு பொருந்தாது, நோய் இருந்தும் இல்லை என்று வரும். அதற்காகத்தான் கிடைத்தால் இரண்டு வேறு ஒட்டுகளை அடையாளமாக எடுப்பார்கள், ஒன்று மாறினாலும் மற்றது நிற்கும். சில இடங்களில் ஒட்டைப் பார்க்காமல் குழியத்தின் மேற்பரப்புப் புரதங்களை வைத்துத் தேடுவார்கள். அதுவும் நம்பத்தகுந்த முறைதான். உங்கள் அறிக்கையில் எது என்று எழுதியிருக்கும்.